பெட்டியில வந்த போத்தல்: மூடிக்குள்ள இருக்கிற கோடு, பின்பக்க நம்பர், "கலக்காதேங்கோ" எச்சரிக்கை (அடிக்கடி கேட்கிற கேள்விகள்)

சேர், தங்கச்சி ஜேர்மனில இருந்து பெட்டியில போட்டு அனுப்பின உடுப்பு தோய்க்கிற லிக்குயிட். பின்பக்கப் படம் அனுப்பியிருக்கிறன், கட்டம் கட்டமா நம்பர் கிடக்கு, எதைப் பாக்கிறது?

அந்தக் கட்டத்தை பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி பாருங்கோ, ஒரு பக்கம் தண்ணி, மற்றப் பக்கம் அழுக்கு, ரெண்டும் சந்திக்கிற இடத்தில நிக்கிறதுதான் உங்கட அளவு. தண்ணிக்கு மூண்டு வரி இருக்கும், ஜேர்மன்காரர் வைஷ், மிற்றல், ஹார்ட் எண்டு எழுதுவினம், அதாவது மென்மையான தண்ணி, நடுத்தரம், கடினத் தண்ணி. உங்கட படத்தில சாதாரண அழுக்குக்கு 40, 55, 75 மில்லிலீற்றர் எண்டு கிடக்கு. நாங்கள் பாக்கிறது கடைசி வரி, 75.

மூலையில சின்னதா 4,5 கிலோ எண்டு இருக்குதெல்லோ, அதை 45 எண்டு வாசிச்சுப்போட்டு "எங்கட மெசின் ஏழு கிலோதானே, அப்ப ஆறில ஒரு பங்கு போட்டாக் காணும்" எண்டு கணக்குப் பாத்த ஒரு அண்ணையை எனக்குத் தெரியும். ஜேர்மனில தசமத்துக்கு புள்ளி வைக்கிறேல்ல, கொம்மாதான் வைக்கிறவை, அது நாலரை கிலோ. காஞ்ச உடுப்பு நாலரை கிலோவுக்குத்தான் அந்த அளவு. உங்கட ஏழு கிலோ மெசினை வாய் வரைக்கும் அடைஞ்சு போட்டால் கொஞ்சம் கூட்ட வேணும், எவ்வளவு கூட்டிறதெண்டு சில லேபிளில கட்டத்துக்குக் கீழ தனி வரியாப் போட்டிருக்கும். உங்கட வீட்டில ஒரு தரத்துக்கு எவ்வளவு உடுப்பு விழுதெண்டு ஒருக்கா ஒரு பையில போட்டு தராசில வச்சுப் பாருங்கோ, அநேகமா நாலு அஞ்சு கிலோதான் வரும்.

ஏன் கடைசி வரி? எங்கட கிணத்துத் தண்ணி குடிக்க நல்லாத்தானே இருக்கு.

நல்ல தண்ணி வேற, மென்மையான தண்ணி வேற. எங்கட யாழ்ப்பாண நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கிக் கிணத்துக்கு வரேக்க கல்சியத்தையும் கரைச்சுக்கொண்டுதான் வரும். தேத்தண்ணிக் கேத்திலுக்குள்ள வெள்ளையாப் பொருக்குக் கட்டுதே, பைப் வாயில வெள்ளைப் பூச்சு மாதிரி ஏறுதே, அதுதான் சாட்சி. சோப்பிலயும் லிக்குயிட்டிலயும் அழுக்கை இழுக்கிற பொருளை இந்தக் கல்சியம் முதல்ல பிடிச்சுக்கொள்ளும், மிச்சம் இருக்கிறதுதான் உடுப்புக்கு வேலை செய்யும், அதாலதான் கடினத் தண்ணிக்குக் கூடப் போடச் சொல்லுறது.

கையில தண்ணிப் பரிசோதனை றிப்போட் இருந்தால் இன்னும் வடிவாச் சொல்லலாம். போன மாசம் ஒராள் அனுப்பின றிப்போட்டில மொத்தக் கடினத்தன்மை லீற்றருக்கு 340 மில்லிகிராம் எண்டு கிடந்தது. ஜேர்மன் லேபிளில பாகைக் கணக்கு, ஒரு பாகை எண்டா 17.8 மில்லிகிராம், 340ஐ அதால பிரிச்சால் 19 பாகை. ஜேர்மனில 14 பாகைக்கு மேல போனாலே கடினம், ஆகவே சந்தேகமில்லை. பிரான்ஸ் போத்தல் எண்டால் அவையின்ர பாகை வேற, அங்க ஒண்டுக்குப் பத்து மில்லிகிராம், இதே தண்ணி அங்க 34 பாகை. பேர் ஒண்டு அளவு வேறை, மாறிப் பிழைக்க வேண்டாம்.

றிப்போட் இல்லாத ஆக்களுக்கு ஒரு வழி. லேபிள் கழட்டின அரை லீற்றர் தண்ணிப் போத்தலில மூண்டில ஒரு பங்கு கிணத்துத் தண்ணி எடுங்கோ, இன்னொரு போத்தலில மழைத்தண்ணி அதே அளவு. வெள்ளைச் சவர்க்காரக் கட்டியைச் சீவிச் சுடுதண்ணியில கரைச்சு, ரெண்டிலயும் பத்துப் பத்துத் துளி விட்டு மூடிக் குலுக்குங்கோ. மழைத்தண்ணியில நுரை நிக்கும். கிணத்துத் தண்ணி நுரைக்காமல் பால் மாதிரிக் கலங்கி மேல தயிர் மாதிரி மிதந்தால் அது கடினம். இதுக்கு சவர்க்காரம்தான் வேணும், லிக்குயிட்டோ பவுடரோ போட்டு பாத்தால் எந்தத் தண்ணியும் நுரைக்கும், ஒண்டும் தெரியாது. எல்லாக் கிணறும் ஒரே மாதிரி இல்லை, பக்கத்து வீட்டுக் கிணத்தை நம்பி முடிவெடுக்காதேங்கோ.

முன்பக்கத்தில 20 தரம் தோய்க்கலாம் எண்டு போட்டிருக்கு, எங்களுக்கு பதினாலு தரத்தோட முடிஞ்சிட்டுது. ஏமாத்திப் போட்டாங்களோ?

இல்லை, அது அவையின்ர கணக்கு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அந்த 20 எண்டுறது நடுத்தரத் தண்ணிக்கும் சாதாரண அழுக்குக்கும்தான். உங்கட போத்தல் 1,1 லீற்றர், 1100ஐ 20ஆல பிரியுங்கோ, 55 வருதா, கட்டத்தில நடு வரியும் 55. நாங்கள் 75 போடுறம், 1100ஐ 75ஆல பிரிச்சால் பதினாலு தரமும் அடியில கொஞ்சமும். நீங்கள் சரியாத்தான் போட்டிருக்கிறியள்.

இந்தக் கணக்கால இன்னொரு பிரயோசனமும் இருக்கு, படத்தில கட்டம் மங்கலா விழுந்தால் முன்பக்கத்து ரெண்டு நம்பரையும் வச்சு நடு வரியைக் கண்டுபிடிக்கலாம். கட்டத்தில 75ஓ 15ஓ எண்டு தெரியேல்ல எண்டால், நடு வரி 55 ஆ இருக்கேக்க கடின வரி 15 ஆ இருக்க ஏலாது எண்டு விளங்கும்தானே.

மூடிக்குள்ள கோடு இருக்கு, ஆனா நம்பர் ஒண்டும் தெரியேல்ல. படம் இருக்கு பாருங்கோ. நான் மூடி நிறைய ஊத்துறனான்.

நிறைய ஊத்துறதை முதல்ல நிப்பாட்டுங்கோ. கனடாப் பெட்டியில வாற போத்தலுகளில மூடிக்குள்ள 1, 2, 3 எண்டோ 1, 3, 5 எண்டோ கோடு இருக்கும், ஆக மேல இருக்கிற கோட்டுக்குப் பிறகும் மூடியில நல்ல இடம் கிடக்கும், அந்த இடம் சிந்தாமல் இருக்கத்தானே ஒழிய ஊத்துறதுக்கில்லை. அந்த 1, 2, 3ம் மில்லிலீற்றர் இல்லை, எத்தினை மூடி எண்டதும் இல்லை, எந்தக் கோடு எவ்வளவு உடுப்புக்கு எண்டு பின்பக்கத்தில எழுதியிருக்கும்.

நீங்கள் அனுப்பின படம் மேல இருந்து சரிச்சு எடுத்தது, அதில கோடு எங்க நிக்குதெண்டு ஆராலயும் சொல்லேலாது. மூடியைக் காயவச்சு, யன்னல் வெளிச்சத்தில, கண்ணையும் போனையும் கோட்டு மட்டத்துக்கு இறக்கி எடுங்கோ, பிளாஷ் போடாதேங்கோ. அதுக்கும் தெரியேல்ல எண்டால் பிள்ளையளுக்கு பாணி மருந்து குடுக்கிற அளவுக் கப்பை எடுத்து தண்ணியால அளந்து மூடிக்குள்ள விட்டுப் பாருங்கோ, 75 எங்க வருதோ அங்க வெளிப்பக்கமா நெயில் பொலிஷால ஒரு கோடு கீறுங்கோ. என்ர வீட்டில சிவப்புக் கோடு. அந்தக் கப்பைப் பிறகு மருந்துக்கு எடுக்கிறதெண்டால் தண்ணி மட்டும்தான் அதுக்குள்ள விடலாம், லிக்குயிட் விடவே கூடாது.

ஒரு போத்தலின்ர மூடியால இன்னொரு போத்தலை அளக்கிறவை கனபேர். செறிவாக்கின லிக்குயிட்டின்ர மூடி சின்னன், பழைய மாதிரி லிக்குயிட்டின்ர மூடி பெரிசு, அதால பழைய மூடியை வச்சுக்கொண்டு புதுசை ஊத்தினால் ரெண்டு மடங்கு போகும்.

கூடப் போட்டாலோ குறையப் போட்டாலோ எப்பிடித் தெரியும்? எங்கட வெள்ளைச் சேர்ட் எல்லாம் மொறமொற எண்டு நரைச்சுப்போய் கிடக்கு.

மொறமொறப்பும் நரைப்பும் ரெண்டாலயும் வரும், அதுதான் கரைச்சல். ஒரு துவாய் எடுங்கோ, தோய்ச்சுக் காஞ்சது, ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணியில போட்டு ஒண்டும் சேர்க்காமல் கையால அலசுங்கோ. நுரை வந்தால் முந்திப் போட்டது போகாமல் நிக்குது, கூடப் போட்டிருக்கிறியள். நுரை வராமல் தண்ணி மட்டும் சாம்பலாக் கலங்கினால் அழுக்கும் சுண்ணாம்பும் துணியில பிடிச்சிருக்கு, குறையப் போட்டிருக்கிறியள். மெசினில கடைசி அலசலுக்குப் பிறகும் நுரை நிண்டாலும் கூடத்தான்.

இந்த இடத்திலதான் ஆரோ ஒராள் "வினாகிரி விடுங்கோ, தேசிக்காய்ப் புளி விடுங்கோ, சுண்ணாம்பு போகும்" எண்டு சொல்லுவினம். சுண்ணாம்பு போகும், பொய்யில்லை. ஆனா அதே மெசினுக்குள்ள வெள்ளையாக்க ப்ளீச்சும் விட்டிருந்தால் கதை வேற.

என்ன கதை? வினாகிரி சாப்பாட்டுச் சாமான்தானே.

சாப்பாட்டுச் சாமான்தான், ஆனா அசிட். திரவ ப்ளீச்சுக்குள்ள இருக்கிறது NaOCl, சோடியம் ஹைப்போகுளோரைட். இதோட அசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிய வரும். ரொய்லெட்டுக்கு ஊத்துற அசிட்டில கனதரம் HCl இருக்கும், அதோட நடக்கிறது இதுதான்:

NaOCl + 2HCl → NaCl + H₂O + Cl₂

கடைசியில நிக்கிற Cl₂தான் மூச்சுக்குள்ள போறது. வினாகிரியோட மெதுவா நடக்கும், ரொய்லெட் அசிட்டோட சட்டெண்டு நடக்கும். பாருங்கோ, எங்கட தண்ணி கடினம் எண்டபடியால்தான் கக்கூசில வெள்ளைப் பொருக்கு கட்டுது, பொருக்கு போக வீட்டுக்கு வீடு அசிட் போத்தல். கிணறு இறைச்சாப் பிறகு போடவெண்டு ப்ளீச்சிங் பவுடர், உடுப்புக்கு ப்ளீச். எல்லாம் பாத்ரூம் மூலையில ஒரே இடத்தில நிக்கும். ப்ளீச்சிங் பவுடர் கல்சியம் ஹைப்போகுளோரைட், அதுக்கும் அசிட் ஆகாது.

அமோனியாவோட சேர்ந்தாலும் கூடாது, கண்ணாடி துடைக்கிற சில தண்ணியில அமோனியா இருக்கும், அப்ப வாறது குளோரமீன், அதுவும் நெஞ்சைப் பிடிக்கிறதுதான்.

ரெண்டும் ஊத்தினால் ரெண்டு மடங்கு சுத்தமாகாதோ மாஸ்ரர்? அம்மா அப்பிடித்தான் செய்யிறவா.

ஆகாது. குளோரின் காத்தில போயிட்டா கிருமியைக் கொல்ல ப்ளீச்சில ஒண்டும் மிஞ்சாது, அசிட்டும் அதில செலவழிஞ்சு போகும், பொருக்கும் அப்பிடியே நிக்கும். அம்மாவுக்கு வாயுக் கதையை விட இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கோ, காசு வீண் எண்டால் கேப்பா.

படத்தில ப்ளீச் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை, பூஞ்சணம் போக அடிக்கிற ஸ்பிரே எண்டுதான் போட்டிருக்கு. பயமில்லைத்தானே?

முன்பக்கத்தைப் பாத்து ஒரு முடிவுக்கும் வராதேங்கோ, அங்க பூவும் எலுமிச்சையும்தான் இருக்கும். பூஞ்சண ஸ்பிரேயில அநேகமா ப்ளீச்தான். பின்பக்கத்தைக் கிட்ட வச்சுப் படமெடுத்துப் பெருப்பிச்சு, சீ, எச், எல், ஓ, ஆர் எண்ட அஞ்சு எழுத்து சேர்ந்து எங்கயாவது நிக்குதோ எண்டு தேடுங்கோ. இங்கிலீசு, ஜேர்மன், பிரெஞ்சு மூண்டிலயும் ஹைப்போகுளோரைட்டுக்குள்ள அந்த அஞ்சும் நிக்கும். நோர்வேப் போத்தலில சீஎச்சுக்குப் பதிலா கே, இத்தாலிப் போத்தலில எச் இல்லை. பிரான்சில ஜவேல் எண்டு எழுதியிருந்தாலும் ப்ளீச்தான். சில சாமானில chloride எண்டு, கடைசியில டீ எழுத்து வாற வேற பொருளும் இருக்கும், அது ப்ளீச் இல்லை, ஆனா தெரியாமல் ப்ளீச் எண்டு நினைச்சுக் கவனமா இருந்தால் ஒரு நட்டமும் இல்லை.

ஐரோப்பியப் போத்தலில இன்னும் லேசான வழி இருக்கு, EUH031 எண்டோ EUH206 எண்டோ தொடங்கிற எச்சரிக்கை வசனம். கனதரம் நம்பர் இல்லாமல் வசனம் மட்டும் இருக்கும். முதலாவது, அசிட் பட்டால் நச்சு வாயு வரும் எண்டது. இரண்டாவது, வேற சாமானோட சேர்த்துப் பாவிக்காதேங்கோ, குளோரின் வரும் எண்டது, அடைப்புக்குறிக்குள்ள குளோர் எண்டு தனியா நிக்கும். சிவப்புச் சாய்சதுரப் படம் மட்டும் இருந்தால் அதை வச்சுப் பிரிச்சு அறியேலாது, கையிலயும் இரும்பிலயும் ஏதோ ஊத்துற மாதிரி படம் அசிட்டுக்கும் வரும் ப்ளீச்சுக்கும் வரும், அரிக்கும் எண்டு மட்டும்தான் அது சொல்லும். அப்பிடி ரெண்டு போத்தல் ஒண்டா நிண்டால் ஒண்டு அசிட்டாயும் மற்றது ப்ளீச்சாயும் இருக்கலாம் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

அசிட் போட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு ப்ளீச் போடலாம்?

மணித்தியாலக் கணக்கு நான் சொல்லமாட்டன். நேரம் போனதால அசிட் போகாது, தண்ணியாலதான் போகும். கக்கூஸ் வளைவுக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும், அதுக்குள்ள முந்தி ஊத்தினது அப்பிடியே கிடக்கும். நான் செய்யிறது, இண்டைக்கு அசிட் எண்டால் தேய்ச்சு நாலஞ்சு வாளி தண்ணி அடிச்சு விடுறது, ப்ளீச் வேற நாளைக்கு. பிரஷ்ஷையும் கழுவ வேணும், அதை எல்லாரும் மறக்கிறவை.

எங்கட வீட்டில நடந்தது இதுதான். அம்மா விடிய பாத்ரூம் நிலத்துக்கு ப்ளீச்சிங் பவுடர் தூவிப்போட்டு ஊறட்டும் எண்டு விட்டிட்டா, எனக்குச் சொல்லேல்ல. நான் பின்னேரம் அசிட் போத்தலோட போய்க் குந்தியிருந்து பேசினைத் தேய்க்கிறன், ஓரத்தால வழிஞ்சு நிலத்தில பட்டது, ஒரு சின்ன நுரை, பிறகு மூக்கில ஊசி குத்தின மாதிரி. குளோரின் காத்தை விட ரெண்டரை மடங்கு பாரம், நிலத்தோட நிக்கும், குந்தியிருக்கிறவனுக்குத்தான் முதல்ல. கெமிஸ்ற்றி படிப்பிக்கிறவன், இருமி இருமி முற்றத்தில நிண்டன். அண்டைக்கு இரவு முழுக்க தொண்டை எரிஞ்சது.

அப்பிடி மணம் வந்தால் உடன என்ன செய்யிறது?

வெளிய வாங்கோ. தண்ணி அடிச்சு விட்டிட்டு வருவம், போத்தலை மூடிப்போட்டு வருவம் எண்டு நிக்கிறதுதான் பிழை, குனியிற அந்த அரை நிமிசத்திலதான் கூட உள்ள போகும். கதவைத் திறந்தபடி விடுங்கோ, அப்பச்சோடா மாதிரி ஒண்டும் கொண்டுபோய்ப் போடாதேங்கோ, மணம் அடங்கும்வரை ஆரும் உள்ள போகக்கூடாது. கண்ணில தெறிச்சிருந்தால் ஓடுற தண்ணியில பதினைஞ்சு நிமிசத்துக்கு மேல கழுவுங்கோ. உடுப்பில ஊத்துப்பட்டிருந்தால் கழட்டிப்போடுங்கோ.

இருமல் நிக்காமல் போனால், நெஞ்சு இறுக்கினால், மூச்சு விசிலடிச்சால் 1990க்கு எடுங்கோ, அம்புலன்ஸ் வரும். முட்டு வருத்தக்காரரும் சின்னப்பிள்ளையளும் எண்டால் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. நல்லாக் கூட மணந்தவைக்கு முதல்ல சுகமான மாதிரி இருந்து சில மணித்தியாலத்துக்குப் பிறகு மூச்சுத் திணறல் வரலாம், ஆகவே "இப்ப ஒண்டுமில்லை" எண்டு படுத்திடக்கூடாது. போறபோது ரெண்டு போத்தலின்ரயும் பின்பக்கப் படம் போனில இருந்தால் டொக்டருக்கு நல்ல உதவி.

இந்தப் போத்தலில லேபிளே இல்லை, சோடாப் போத்தலில ஊத்தி வச்சிருக்கினம், மஞ்சள் நிறம். படம் பாத்துச் சொல்லுங்கோ என்னெண்டு.

சொல்லேலாது. மஞ்சள் அசிட்டும் இருக்கு, மஞ்சள் ப்ளீச்சும் இருக்கு. மூடியைத் திறந்து மணந்து பாக்காதேங்கோ, எதோடயும் சேர்க்காதேங்கோ, பிள்ளையள் குடிக்கிற சோடா எண்டு எடுக்காத இடத்தில வையுங்கோ. ஆர் ஊத்தினதெண்டு வீட்டில கேட்டு, அசல் போத்தல் இன்னும் குப்பைக்கை கிடந்தால் அதின்ர பின்பக்கத்தை எனக்கு அனுப்புங்கோ.